ரோஸ்ட் மேடையை யாரிடம் ஒப்படைப்பது: நண்பரா, தொழில்முறைக் கலைஞரா, மூத்தவரா?

ஒருவரைப் பலர் சேர்ந்து மேடையில் கலாய்க்கும் ரோஸ்ட் நிகழ்ச்சியை நடத்துவது என்று முடிவானதும் ஏற்பாட்டாளர்கள் முதலில் பேச்சாளர்களைத் தேடுவார்கள். பிறகு மண்டபம், சாப்பாடு, ஒலிபெருக்கி. கடைசியில்தான் "யாராவது தொகுத்து வழங்கணுமே" என்று நினைவு வரும். அந்த நேரத்தில் கையில் மைக் பிடித்துப் பழகிய யாரோ ஒருவர் தொகுப்பாளராகிவிடுவார். இந்த வரிசையையே நான் தலைகீழாக மாற்றச் சொல்வேன். தொகுப்பாளரை முதலில் முடிவு செய்யுங்கள். பேச்சாளர்களை அவரோடு உட்கார்ந்து தேர்ந்தெடுங்கள். ஒரு மனிதரை நடுவில் உட்காரவைத்து, ஆறேழு பேர் எழுந்து வந்து அவரைக் கலாய்க்கும் ஒரு மணி நேரத்தில், அவர் பக்கம் நிற்கவேண்டிய ஒரே ஆள் தொகுப்பாளர்தான்.

அவருக்கு வேலை மூன்று. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று எல்லை வகுப்பது. ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடங்கும்வரை அரங்கம் ஆறிப்போகாமல் வேகத்தைக் காப்பது. நடுவில் உட்கார்ந்திருப்பவர், அவரை இனி நாயகர் என்றே சொல்கிறேன், வீட்டுக்குப் போகும்போது காயத்தோடு போகாமல் பார்த்துக்கொள்வது. பட்டிமன்ற நடுவரைப் பார்த்து வளர்ந்த நமக்கு முதல் இரண்டும் புதிதல்ல. மூன்றாவதுதான் புதிது. பட்டிமன்றத்தில் அடி வாங்குவது ஒரு கட்சி. இங்கே அடி வாங்குவது ஒரு ஆள்.

பொதுவாக மூன்று வகை ஆட்களில் ஒருவரைத்தான் தொகுப்பாளராக யோசிப்போம்: நாயகரின் நெருங்கிய நண்பர், மேடை நகைச்சுவையைத் தொழிலாகச் செய்பவர், எல்லோரும் மதிக்கும் மூத்தவர். மூன்றுக்கும் எல்லோர் கண்ணுக்கும் தெரிய நடந்த உதாரணங்கள் இருக்கின்றன. அவற்றை வைத்தே பேசலாம்.

நண்பர்

2013இல் அமெரிக்காவின் காமெடி சென்ட்ரல் தொலைக்காட்சி நடிகர் ஜேம்ஸ் ஃபிராங்கோவை ரோஸ்ட் செய்தபோது தொகுத்தவர் சேத் ரோகன். இருவரும் 1999இல் தொடங்கிய ஒரு தொலைக்காட்சித் தொடரில் சேர்ந்து நடித்த காலத்திலிருந்தே பழக்கம். மேடையில் இருந்தவர்களிலும் பலர் அதே வட்டாரத்து ஆட்கள். நண்பர் தொகுத்தால் கிடைக்கும் நன்மை அங்கே தெளிவாகத் தெரிந்தது. எவ்வளவு கடுமையாகப் பேசினாலும் பின்னால் பழக்கம் இருப்பது கேட்பவருக்குப் புரிகிறது, அதனால் அடி வலிப்பதில்லை. நாயகரின் கூச்சம் எது, காயம் எது என்று நண்பருக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. உயரம் குறைவு என்பதைக் கிண்டல் செய்தால் சிரிப்பார், ஆனால் அப்பாவோடு இருந்த மனஸ்தாபத்தைத் தொட்டால் மூன்று நாள் பேசமாட்டார் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

குறைகளும் அதே நெருக்கத்திலிருந்துதான் வருகின்றன. ஒரே வட்டத்து ஆட்களுக்கு ஒரே கதைகள்தான் தெரியும். ஃபிராங்கோ மேடையிலும் அதே நாலைந்து விஷயங்களைப் பேச்சாளர்கள் மாறி மாறித் தொட்டார்கள். தொலைக்காட்சியில் எழுத்தாளர் குழு இருக்கும், ஒரே விஷயத்தைப் பத்து விதமாகச் சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள். நம் அலுவலகத்தில் அப்படி யாரும் இல்லை. மூன்றாவது ஆளும் நாயகரின் வழுக்கையைப் பற்றிப் பேசும்போது அரங்கம் தூங்கிவிடும்.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. நண்பருக்கு மற்ற நண்பர்களை நிறுத்த வாய் வராது. ஒருவன் எல்லை மீறினால் "விடு, அவன் அப்படித்தான்" என்று சிரித்துச் சமாளிப்பான். அவனும் அந்தக் கும்பலில் ஒருவன். நாளைக்கும் அவர்களோடுதான் டீ குடிக்கவேண்டும்.

நண்பர் தொகுப்பாளராக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு 2002இல் நடந்த ஒரு ரோஸ்ட்டைச் சொல்லலாம். நியூயார்க்கில் நகைச்சுவைக் கலைஞர்களின் சங்கமான ஃப்ரையர்ஸ் கிளப் நடத்தியது, நாயகர் நகைச்சுவை நடிகர் செவி சேஸ், தொகுப்பாளர் இசைக்கலைஞர் பால் ஷேஃபர். இருவருக்கும் பல வருடப் பழக்கம். ஆனால் பேச வந்தவர்களில் பெரும்பாலோர் சேஸோடு நெருங்கிப் பழகாத இளைய கலைஞர்கள். அவரோடு வளர்ந்த பெரிய நண்பர்கள் மேடையில் இல்லை. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த சேஸ் முகத்தில் சிரிப்பு அதிகம் இல்லை. ஒவ்வொரு ஜோக்கும் தனியாகப் பார்த்தால் வழக்கமான ரோஸ்ட் ஜோக்தான். சொன்னவருக்கும் கேட்டவருக்கும் நடுவில் அன்பு இல்லாததால் அத்தனையும் வெறும் வசையாக விழுந்தது. நேசிப்பவர்களை மட்டுமே நாங்கள் ரோஸ்ட் செய்கிறோம் என்பது அந்தக் கிளப்பின் பழைய வழக்குமொழி. நாயகரைக் காக்கும் வேலை பேச்சாளர் பட்டியலிலேயே தொடங்கிவிடுகிறது. அதில் கை வைக்க முடியாத தொகுப்பாளர் எவ்வளவு நல்ல நண்பராக இருந்தாலும் மேடையில் செய்ய அவருக்கு அதிகம் மிச்சமிருக்காது.

தொழில்முறைக் கலைஞர்

வேகம் என்று வந்தால் இவரை மற்ற இருவரும் நெருங்க முடியாது. ஒரு பேச்சாளர் சொதப்பிவிட்டுப் போனதும் அரங்கம் இறுகிக் கிடக்கும். அந்தப் பத்து நொடியில் ஒரே வரியில் சிரிப்பை மீட்டு, அடுத்தவர் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது பழக்கத்தில் மட்டுமே வரும் திறமை. அவருக்குக் கூட்டத்தையும் அடக்கத் தெரியும். 2024 மே 5 அன்று லாஸ் ஏஞ்சலஸ் அருகே இங்கிள்வுட்டில், அமெரிக்கக் கால்பந்து வீரர் டாம் பிரேடிக்கு நெட்ஃபிளிக்ஸ் நடத்திய ரோஸ்ட்டைத் தொகுத்தவர் மேடை நகைச்சுவைக் கலைஞர் கெவின் ஹார்ட். தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாஷியன் பேச வந்தபோது பார்வையாளர்கள் ஊளையிட்டார்கள். ஹார்ட் குறுக்கே புகுந்து கூட்டத்தை அமர்த்தினார். அந்த அளவு கூட்டத்தின் முன்னால் ஒரு நண்பரோ மூத்தவரோ திகைத்து நின்றிருப்பார்.

ஆனால் அதே இரவில்தான் தொழில்முறையின் எல்லையும் தெரிந்தது. பிரேடி ஆடிய அணியின் உரிமையாளர் ராபர்ட் கிராஃப்ட் மசாஜ் நிலைய வழக்கு ஒன்றில் சிக்கியிருந்தார். அந்த வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. அதைத் தொட்டு நகைச்சுவைக் கலைஞர் ஜெஃப் ராஸ் ஒரு ஜோக் சொன்னார். நாற்காலியிலிருந்து எழுந்து பேச்சு மேடைக்குப் போன பிரேடி, இன்னொரு முறை அதைச் சொல்லாதே என்று அவர் காதருகே சொன்னது மைக்கில் கேட்டது. நாயகரே எழுந்து தன் மனிதரைக் காக்க வேண்டிவந்தால், அந்த இடத்தில் தொகுப்பாளரின் வேலை செய்யப்படவில்லை என்றுதான் அர்த்தம்.

அதைவிட முக்கியமானது பிறகு வந்தது. தன்னைப் பற்றிய ஜோக்குகள் தனக்குப் பிடித்தே இருந்தன, ஆனால் அந்த நிகழ்ச்சி தன் பிள்ளைகளைப் பாதித்த விதம் பிடிக்கவில்லை என்று சில நாள் கழித்து ஒரு பாட்காஸ்ட்டில் பிரேடி சொன்னார். அவருடைய மணமுறிவு அன்று பலமுறை பேசப்பட்டது. தான் அடி வாங்க ஒருவர் சம்மதிக்கலாம். வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்காகவும் விலகிப்போன மனைவிக்காகவும் அவர் சம்மதம் கொடுக்க முடியாது. அந்த வித்தியாசத்தை முன்கூட்டியே எடுத்துச் சொல்ல, நாயகரின் குடும்பத்தை அறிந்த ஒருவர் வேண்டும். ஊதியம் வாங்கிக்கொண்டு ஒரு மாலைக்கு வருபவருக்கு அந்த அறிவு தானாக வராது. யாராவது கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்.

பிரேடி நிகழ்ச்சி நேரலை என்பதும் சேர்ந்துகொண்டது. பதிவு செய்து ஒளிபரப்பும் நிகழ்ச்சியில் இரண்டாவது வேலி ஒன்று உண்டு. 2015இல் பாடகர் ஜஸ்டின் பீபரின் ரோஸ்ட்டையும் ஹார்ட்தான் தொகுத்தார். கார் விபத்தில் இறந்த நடிகர் பால் வாக்கரைப் பற்றி அங்கே சொல்லப்பட்ட ஜோக்குகளை ஒளிபரப்புக்கு முன் வெட்டி எடுத்துவிட்டார்கள். 1974 முதல் 1984 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் பாடகர் டீன் மார்ட்டின் நடத்திய ரோஸ்ட்களும் படம்பிடித்துத் தொகுத்து வந்தவைதான். நம் மண்டபத்தில் நடப்பது எப்போதும் நேரலை. அங்கே வெட்டியெடுக்க ஆள் இல்லை, தொகுப்பாளரே அந்த வேலி.

மூத்தவர்

துறைத்தலைவர், சங்கத் தலைவர், குடும்பத்தில் பெரியப்பா. இவர் எழுந்து நின்றாலே எல்லோரும் அடங்குவார்கள். நிறுத்து என்று சொல்லும் உரிமை மூவரில் இவருக்குத்தான் இயல்பாகவே இருக்கிறது. அதே உரிமைதான் நிகழ்ச்சியைக் குலைக்கவும் செய்கிறது. மேலதிகாரி மைக்கோடு நிற்கும்போது பேச்சாளர்கள் பாதி ஜோக்கை விழுங்கிவிடுவார்கள். ரோஸ்ட் வாழ்த்துரையாக மாறிவிடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. அதிகாரம் உள்ளவர் அதிகாரம் இல்லாதவரைக் கலாய்த்தால், எதிரே உட்கார்ந்திருப்பவர் சிரித்தே ஆகவேண்டும். அந்தச் சிரிப்பை வைத்து எல்லை எங்கே இருக்கிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நாயகரின் சம்பள உயர்வைத் தீர்மானிப்பவரை ஒருபோதும் தொகுப்பாளராக்காதீர்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

துறையில் பெரிய பெயர் உள்ள ஒருவர் தொகுத்ததற்கு நம் நாட்டு உதாரணம், 2014 டிசம்பர் 20 அன்று மும்பை வொர்லியில் ஏஐபி என்ற நகைச்சுவைக் குழு நடத்திய நிகழ்ச்சி. நாயகர்கள் இந்தி நடிகர்கள் ரன்வீர் சிங், அர்ஜுன் கபூர். ரோஸ்ட் மாஸ்டர், அதாவது தொகுப்பாளர், இயக்குநர் கரண் ஜோஹர். அவர் தன்னையே கிண்டலுக்குக் கொடுத்து அரங்கத்தை இலகுவாக்கினார். நாயகர்கள் இருவரும் கடைசிவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அரங்கத்துக்குள் பார்த்தால் எல்லாம் சரியாகவே நடந்தது.

சிக்கல் வெளியே வெடித்தது. 2015 ஜனவரியில் அதை யூடியூபில் ஏற்றினார்கள். புகார்கள் குவிந்தன, பிப்ரவரி தொடக்கத்தில் காணொளியை எடுத்துவிட்டார்கள், காவல்துறையில் வழக்கும் பதிவானது. மேடையில் இல்லாத நடிகைகளைப் பற்றிய ஜோக்குகளும் மதத்தைத் தொட்ட ஜோக்குகளும் கோபத்தைக் கிளப்பின. கத்தோலிக்க சமூகத்திடம் அந்தக் குழு மன்னிப்புக் கேட்டது. நாலாயிரம் பேர் காசு கொடுத்துத் தெரிந்தே வந்த அரங்கத்துக்கு வகுத்த எல்லை, யார் வேண்டுமானாலும் பார்க்கும் திரைக்குப் பொருந்தவில்லை.

பிரேடியின் பிள்ளைகளையும் இந்த நடிகைகளையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் நாயகர் தனக்கு விழுந்ததைத் தாங்கிக்கொண்டார். அடிபட்டது அங்கே இல்லாதவர், பதில் சொல்ல மைக் இல்லாதவர். எல்லை வகுக்கும்போது நாயகரிடம் மட்டும் கேட்டால் போதாது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒரு நிகழ்ச்சியை வைத்துப் பார்ப்போம்

இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெறும் ஒருவருக்கு அலுவலகத்தில் ரோஸ்ட் என்று வைத்துக்கொள்வோம். பேச்சாளர்கள் ஆறு பேர், பார்வையாளர்கள் நூறு பேர், நாயகரின் மனைவியும் மகளும் முதல் வரிசையில்.

பத்து நாள் முன்பே தொகுப்பாளர் நாயகரைத் தனியாகப் பார்க்கவேண்டும். "எதைப் பேசக்கூடாது?" என்று நேராகக் கேட்டால் பெரும்பாலானவர்கள் "எதை வேணும்னாலும் பேசுங்க, எனக்கென்ன" என்பார்கள். அந்தப் பதிலை நம்பக்கூடாது. கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "உங்க பொண்ணு பக்கத்துல உட்கார்ந்திருக்கும்போது எந்தக் கதை வரக்கூடாது?" உடனே இரண்டு விஷயம் வெளியே வரும். பிறகு மனைவியிடமும் தனியாக ஒரு முறை கேட்கவேண்டும். நாயகர் சொல்ல வெட்கப்பட்டதை அவர் சொல்வார்: ஒரு நோய், ஒரு கடன், நின்றுபோன ஒரு கல்யாணப் பேச்சு. பெரிய மேடைகளிலும் இப்படி விலக்குகள் உண்டு. 2011இல் டொனால்ட் டிரம்ப்பின் ரோஸ்ட்டில், அவர் சொல்லிக்கொள்ளும் அளவு அவரிடம் பணம் இல்லை என்ற ஜோக் கூடாது என்பது நிபந்தனையாக இருந்ததை அதில் வேலை செய்தவர்கள் பின்னாளில் வெளியே சொன்னார்கள். மனிதருக்கு எது வலிக்கும் என்பதை வெளியிலிருந்து ஊகிக்கவே முடியாது.

இப்படிச் சேர்ந்த விலக்குகளைப் பேச்சாளர்களிடம் காரணத்தோடு சொல்லக்கூடாது. "உடல்நலம், பணம், பிள்ளைகள் வேண்டாம்" என்று தலைப்புகளாக மட்டும் சொன்னால் போதும். காரணம் சொன்னால் ரகசியம் ஆறு பேருக்குத் தெரிந்ததாகிவிடும். சாதி, மதம், நிறம், அலுவலகத்துப் பெண்களைப் பற்றிய ஜாடைப்பேச்சு ஆகியவை யாரையும் கேட்காமலே விலக்கு. நாலு நாள் முன்பு எல்லோரும் எழுதியதைத் தொகுப்பாளருக்கு அனுப்பவேண்டும். அனுப்ப மறுப்பவரை மேடையில் ஏற்றக்கூடாது. "நான் அங்கேயே பேசிப்பேன்" என்பவர்தான் பெரும்பாலும் எல்லை தாண்டுவார். மொத்தமாகப் படிக்கும்போது இன்னொரு நன்மையும் கிடைக்கிறது. மூன்று பேர் ஒரே கதையை எழுதியிருப்பது தெரியும்; நன்றாக எழுதியவருக்கு அதைக் கொடுத்துவிட்டு மற்ற இருவரை வேறு தேடச் சொல்லலாம்.

அடுத்தது நேரம். தொடக்கத்தில் தொகுப்பாளருக்கு 6 நிமிடம், பேச்சாளருக்கு 5 நிமிடம் வீதம் 30, ஒவ்வொருவரையும் அறிமுகம் செய்ய ஒன்றரை நிமிடம் வீதம் 9, நாயகரின் பதிலடிக்கு 7, முடிக்க 2. கூட்டினால் 54 நிமிடம். சிரிப்பும் கைதட்டலும் நடந்து வருவதும் சேர்ந்து ஒரு மணி பத்து நிமிடத்தைத் தொடும். ஒரு அலுவலக அரங்கம் அதற்குமேல் தாங்காது. ஆளுக்கு 8 நிமிடம் எடுத்தால் 18 நிமிடம் கூடிப்போகும், அந்த இழப்பு முழுக்க நாயகர் தலையில்தான் விழும். களைத்த கூட்டத்தின் முன் அவர் பதில் சொல்லவேண்டிவரும். பதிலடி என்பது அவருக்குத் திரும்பக் கிடைக்கும் மரியாதை, அதைக் களைத்த காதுகளுக்குக் கொடுப்பது அநியாயம்.

வரிசையில் முதலில் நன்றாகப் பேசுபவர், கடைசியில் எல்லோரையும்விட நன்றாகப் பேசுபவர், தடுமாறக்கூடியவர்கள் நடுவில். அறிமுகம் செய்யும் ஒன்றரை நிமிடத்தில் தொகுப்பாளர் கலாய்க்கவேண்டியது வரப்போகும் பேச்சாளரை, நாயகரை அல்ல. இது மேடைப் பழக்கம் உள்ளவர்கள் எல்லோரும் செய்வது, புதியவர்கள் தவறவிடுவது. அடி ஆறு பேருக்கும் பங்காகும்போது நாயகர் நடுநடுவே மூச்சு விட்டு, அவர்களைப் பார்த்துச் சிரிக்க முடிகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவருக்குக் கிடைக்கும் இந்த ஓய்வுதான் ஒரு மணி நேரத்தை அவரால் தாங்கவைக்கிறது.

மேடையில் இருக்கும்போது தொகுப்பாளர் பார்க்கவேண்டியது பேச்சாளரையோ கூட்டத்தையோ அல்ல, நாயகரை. சிரிப்பதற்கு முன் மனைவி பக்கம் திரும்பிப் பார்க்கிறாரா, தண்ணீர்க் குவளையை அடிக்கடி எடுக்கிறாரா, கூட்டம் சிரித்து முடித்த பிறகுதான் சிரிக்கிறாரா என்று பாருங்கள். பார்வையாளர்களிடமும் ஓர் அடையாளம் உண்டு. ஜோக் பிடித்தால் பேச்சாளரைப் பார்த்துச் சிரிப்பார்கள். சங்கடமானால் எல்லாத் தலையும் நாயகர் பக்கம் திரும்பும். அப்படி ஒருமுறை நடந்தால் தொகுப்பாளர் நாற்காலியை விட்டு எழுந்து பேச்சாளருக்குப் பக்கத்தில் போய் நிற்கவேண்டும். பெரும்பாலும் அதுவே போதும், ஆனால் எழுந்தால் என்ன அர்த்தம் என்பதை ஆறு பேருக்கும் முன்பே சொல்லியிருக்கவேண்டும். அதற்கும் அசையாவிட்டால் அடுத்த சிரிப்பு எழும்போது கைதட்டிக்கொண்டே மைக்கை வாங்கிவிடவேண்டும், திட்டவோ மன்னிப்புக் கேட்கவோ கூடாது. மேடையிலேயே மன்னிப்புக் கேட்டால் கவனிக்காதவர்களும் அந்த ஜோக்கை இன்னொரு முறை நினைத்துப் பார்ப்பார்கள். மன்னிப்பு பிறகு, நாயகரிடமும் அவர் மனைவியிடமும், நேரில்.

என் தேர்வு

இந்த வேலைகளைப் பட்டியலாக மனதில் வைத்துப் பார்த்தால், பாதிக்குமேல் நிகழ்ச்சிக்கு முன்பே நடப்பவை. வேகம் ஒன்றுதான் முழுக்க மேடையில் நடப்பது. அதனால் மேடைத் திறமையை மட்டும் பார்த்துத் தொழில்முறைக் கலைஞரைத் தேர்ந்தெடுப்பதை நான் முதல் வழியாகச் சொல்லமாட்டேன். நாயகரின் உயிர் நண்பரையும் சொல்லமாட்டேன். அவர் கடைசிப் பேச்சாளராக இருந்தால் அந்த இடம் மிக அழகாக இருக்கும்.

நான் தேடுவது நாயகரின் வீட்டுக்குள் போய்வரும் அளவு பழக்கமும், பேச்சாளர்களில் யாருக்கும் கடன்படாத நிலையும் உள்ள ஒருவரை. முன்பு அதே அலுவலகத்தில் இருந்து வேறு இடத்துக்குப் போனவர், பக்கத்துத் துறையில் பதினைந்து வருடமாகப் பழகியவர், இப்படி யாராவது. அவருக்கு நாயகரின் மனைவியிடம் கேள்வி கேட்கும் உரிமை இருக்கும். பேச்சாளரிடமிருந்து மைக்கை வாங்கினால் மறுநாள் அவர் முகத்தில் விழிக்கவேண்டிய கட்டாயம் இருக்காது. நகைச்சுவை சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. அறிமுகத்துக்கு ஆறு நல்ல வரிகளை யாராவது எழுதிக் கொடுத்துவிடலாம்.

அப்படி ஆள் கிடைக்காமல், முந்நூறு பேருக்கு மேல் உள்ள பெரிய அரங்கமாகவும் இருந்தால் தொழில்முறைக் கலைஞரை அழையுங்கள். ஆனால் எல்லை வகுக்கும் வேலையை அவரிடமிருந்து பிரித்து, நாயகரை அறிந்த ஒருவரிடம் கொடுங்கள். எழுதியவற்றை அவர் படிக்கட்டும். நிகழ்ச்சியன்று தொகுப்பாளர் கண்ணில் படும்படி முதல் வரிசை ஓரத்தில் உட்காரட்டும். அவர் எழுந்து நின்றால் அந்தப் பேச்சு முடிந்தது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பேச்சாளர்கள் கைக்கு மது போவது நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் என்பதையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள். செல்போனில் படம்பிடிக்கலாமா கூடாதா என்பதை நாயகரும் குடும்பமும் முடிவு செய்யட்டும், தொகுப்பாளர் அதை முதல் நிமிடத்திலேயே அறிவிக்கட்டும்.

மூத்தவரைத் தவிர்க்கவே முடியாது என்றால் அவருக்கு முதல் இரண்டு நிமிடத்தைக் கொடுங்கள். விதிகளை அவர் வாயால் சொல்லவையுங்கள்: ஐந்து நிமிடம், குடும்பம் வேண்டாம், தொகுப்பாளர் எழுந்தால் முடித்துவிடவேண்டும். சொல்லிவிட்டு அவர் பார்வையாளர் வரிசையில் போய் உட்காரட்டும். அவருடைய அதிகாரம் அரங்கத்தில் இருக்கும், மைக் வேறொருவர் கையில் இருக்கும்.